நேர்முகத் தேர்வன்றே பரீட்சையும் வந்தால்

தம்பி, புதன்கிழமை பதினொரு மணிக்கு இன்டர்வியூ, அன்றைக்கே அரியர் பேப்பர் என்றாயே. முதலில் ஹால் டிக்கெட்டை எடுத்துப் பார். காலை அமர்வா, மதிய அமர்வா? பேப்பர் மதியம்தான் என்றால் இன்டர்வியூவைச் சற்று முன்னால் கேட்டாலே போதும். கல்லூரி உள்மதிப்பீட்டுத் தேர்வு என்றால் துறைத் தலைவரைப் பார்த்து வேறு நாளில் எழுதலாமா என்று கேள். பல்கலைக்கழகத் தேர்வு யாருக்காகவும் நகராது. அதைத் தவறவிட்டால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட தேர்வு என்றால்தான் கம்பெனியிடம் தேதியை மாற்றக் கேட்கலாம்.

கம்பெனிகளில் ஆள் எடுக்கும் வேலையில் பல காலம் இருந்தவன் சொல்கிறேன். உன் மெயிலைப் படிக்கும் எச்.ஆர். பெண்ணால் தனியாகத் தேதியை மாற்ற முடியாது. உன்னைக் கேள்வி கேட்கப்போகும் மேலாளர்களிடம் மறுபடி நேரம் வாங்க வேண்டும். அவர் அப்படியே அவர்களுக்கு அனுப்பக்கூடிய மாதிரி உன் கடிதம் இருக்கட்டும். புது மெயில் தொடங்காதே. அழைப்பு வந்த மெயிலுக்கே, வந்த அன்றே பதில் போடு. ஆங்கிலத்தில் எழுதினாலும் சாரம் இதுதான்:

"நவம்பர் 12, புதன் காலை 11 மணி நேர்முகத் தேர்வுக்கு அழைத்ததற்கு நன்றி. அன்று காலை 10 முதல் 1 மணி வரை எனக்குப் பல்கலைக்கழகத் தேர்வு உள்ளது. அதன் தேதியை மாற்ற வழியில்லை. ஹால் டிக்கெட்டை இணைத்துள்ளேன். நவம்பர் 13 முழுநாளும், 14 காலை 10 முதல் 1 வரையும் நேரில் வர முடியும். 12ஆம் தேதியே நடத்த வேண்டுமென்றால் மாலை 4.30க்கு மேல் ஆன்லைனில் கலந்துகொள்வேன். உங்களுக்கு வசதியான நேரத்தைத் தெரிவியுங்கள்."

கீழே பெயர், விண்ணப்ப எண், கைபேசி எண். அவ்வளவுதான். வீட்டுக் கதை, மூன்று முறை மன்னிப்பு எதுவும் வேண்டாம். காய்ச்சல் என்று பொய்யும் வேண்டாம். ஹால் டிக்கெட் இருக்கும்போது அது எதற்கு?

4.30 என்றதைக் கவனித்தாயா? ஒரு மணிக்கு முடியும் பேப்பருக்கு இரண்டு மணி இன்டர்வியூ ஒத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். விடைத்தாளை வாங்கி முடித்து வெளியே விடவே நேரமாகும், பிறகு பஸ். வியர்த்து, பசியோடு வந்து உட்கார்ந்தவனுக்குத் தெரிந்த பதிலும் வராது.

எல்லா இடத்திலும் இது பலிக்காது. ஒரே நாளில் வரிசையாக ஆள் எடுக்கும் கேம்பஸ் தேர்விலும் அரசு வேலைக்கான நேர்காணலிலும் பெரும்பாலும் தேதி மாற்ற மாட்டார்கள். அழைப்புக் கடிதத்தில் உள்ள நிபந்தனையைப் படித்துவிட்டுக் கேள்.

மறுநாள் மாலைவரை பதில் இல்லையென்றால் மெயிலில் உள்ள எண்ணுக்கு ஒரு போன் போடு. புது நேரம் வந்ததும், "14ஆம் தேதி 10.30க்கு வருகிறேன்" என்று உடனே எழுதிவிடு. அந்த ஒரு வரி போகாததால் பழைய நேரத்திலேயே பெயர் கிடந்து, "வரவில்லை" என்று குறிக்கப்பட்டவர்களும் உண்டு.