நொச்சி இலையும் எட்டு நிமிடங்களும்

மருந்தியல் மாநாட்டு அழைப்பிதழில் 'பத்து நிமிட உரை' என்று இருந்தால், பேசக் கிடைப்பது பெரும்பாலும் எட்டு நிமிடம்தான். மீதி இரண்டு, கேள்விகளுக்கு. பெரியம்மா மகள், எம்.டி. மருந்தியல் படிக்கிற அக்கா, தன் ஆய்வை இப்படி ஒரு மேடையில் சொல்ல வேண்டியிருந்தது. "நீதான் தினமும் செல்போன் திரைக்குச் சின்னச் சின்ன கார்டு பண்றியே, என் ஸ்லைடையும் கொஞ்சம் பாருடி" என்று 23 ஸ்லைடுகளை அனுப்பி வைத்தாள்.

ஆய்வு இதுதான். நொச்சி இலையின் எத்தனால் சாறு வீக்கத்தைக் குறைக்கிறதா? எலியின் பாதத்தில் கராஜீனன் என்ற பொருளை மிகக் கொஞ்சமாக, 0.1 மி.லி., ஊசி மூலம் செலுத்துவார்கள். இது கடல்பாசியிலிருந்து எடுப்பது. பாதம் வீங்கும். அந்தப் பாதத்தைத் திரவம் நிரம்பிய குழாயில் முக்கி, எவ்வளவு திரவம் விலகுகிறது என்று ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அளப்பார்கள். எலிகள் நான்கு குழுக்கள், குழுவுக்கு ஆறு. ஒன்றுக்கு மருந்தே கிடையாது. ஒன்றுக்கு இண்டோமெதசின் என்ற பழைய வலி நிவாரணி. மற்ற இரண்டுக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 200, 400 மி.கி. நொச்சிச் சாறு, வாய்வழியாக.

முடிவுகளை அக்கா ஒரே அட்டவணையில் அடக்கியிருந்தாள். நான்கு குழு, ஊசிக்கு முன் ஓர் அளவு, பின் ஐந்து மணி நேரம் என ஆறு அளவுகள். மொத்தம் 24 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் சராசரியும், அதன் பக்கத்தில் ± போட்டு இன்னொரு எண்ணும். 48 எண்கள். கடைசி வரிசையில் இருப்பவர் ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த ஸ்லைடு வந்துவிடும்.

அட்டவணையை எடுத்துவிட்டு நான்கு கோடுகளாக வரைந்தோம். கீழே மணி, பக்கவாட்டில் வீக்கம். வரைந்ததும் அட்டவணையில் தெரியாத ஒன்று தெரிந்தது. முதல் மணியில் நான்கு கோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஏறின. மூன்றாம் மணியிலிருந்துதான் பிரிந்தன. இதற்குக் காரணம் உண்டு என்றாள் அக்கா. கராஜீனன் வீக்கத்தின் தொடக்கத்தில் ஹிஸ்டமின், செரோடோனின் ஆகியவைதான் வேலை செய்கின்றன. பிந்திய மணிகளில்தான் புரோஸ்டகிளாண்டின்கள் வருகின்றன. இண்டோமெதசின் தடுப்பது இந்த இரண்டாவது கூட்டத்தை. நொச்சியின் கோடும் அதே நேரத்தில் இறங்கினால், அதுவும் அந்தப் பக்கம் வேலை செய்யக்கூடும் என்று ஒரு குறிப்பு கிடைக்கிறது. நிரூபணம் இல்லை, குறிப்பு மட்டும்தான். அந்த ஸ்லைடுக்கு ஒரு நிமிடம் முழுதாக ஒதுக்கினோம்.

கோடுகளுக்கான பெயர்ப்பட்டியலை ஓரத்தில் பெட்டியாக வைக்காமல், ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் அதன் பெயரை எழுதினோம். மருந்து கொடுக்காத குழு சாம்பல் நிறம், 400 மி.கி. அடர்நீலம். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்களும் அரங்கில் இருப்பார்கள். பிறகு என் செல்போனில் ஸ்லைடைத் திறந்து, கையை முழுதாக நீட்டிப் பார்த்தேன். அந்தத் தூரத்தில் படிக்க முடியாத எழுத்து, அரங்கின் கடைசி வரிசைக்கும் தெரியாது.

அடுத்து வந்ததுதான் உண்மையான சிக்கல். சராசரிக்கு மேலும் கீழும் போடுகிற பிழைக்கோடு. அக்கா எஸ்.இ.எம். போட்டிருந்தாள். எலிக்கு எலி எவ்வளவு வேறுபாடு என்று காட்டுவது எஸ்.டி. நம் சராசரி எவ்வளவு நம்பகமானது என்று காட்டுவது எஸ்.இ.எம். கணக்கு எளிது:

SEM = SD ÷ √n

ஆறு எலி என்றால் √6, சுமார் 2.45. உதாரணத்துக்கு எஸ்.டி. 0.12 மி.லி. என்றால் எஸ்.இ.எம். 0.05 மி.லி. அதாவது கோடு பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். படம் சுத்தமாகத் தெரியும். எலிகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொண்டன என்ற எண்ணமும் பார்ப்பவருக்கு வந்துவிடும்.

"எல்லாரும் எஸ்.இ.எம். தானே போடறாங்க?" என்றாள் அக்கா. போடலாம், தவறில்லை. எது என்று ஸ்லைடில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் குழுவுக்கு ஆறே எலி. அப்படியிருக்க, ஆறையும் காட்டிவிடலாமே என்றேன். மூன்றாம் மணிக்கு மட்டும் தனி ஸ்லைடு போட்டு, எலிக்கு ஒரு புள்ளியாக ஆறு புள்ளி, நடுவில் சராசரிக்கு ஒரு கோடு வைத்தோம். 400 மி.கி. குழுவின் புள்ளிகள் தெளிவாகக் கீழே இருந்தன. 200 மி.கி. குழுவில் இரண்டு புள்ளிகள், மருந்தே கொடுக்காத எலிகளின் நடுவில் உட்கார்ந்திருந்தன.

அக்கா சற்று நேரம் பேசவில்லை. ஒவ்வொரு டோஸையும் மருந்தில்லாக் குழுவோடு ஒப்பிடும் டன்னெட் சோதனையும் இதையேதான் சொல்லியிருந்தது. 400-க்கு வேறுபாடு உண்டு, 200-க்கு இருப்பதாகச் சொல்ல முடியாது. பிழைக்கோட்டை எப்படிப் போட்டாலும் இந்த முடிவு மாறாது, கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் மாறும். இரண்டு வருட உழைப்பில் பாதி 'வேலை செய்யவில்லை' என்று தானே திரையில் போடுவது லேசான காரியமில்லை. "நடுவர் கண்டுபிடிச்சுக் கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்" என்றாள். 'முடிவுகள்' என்றிருந்த தலைப்பு, '400 மி.கி. வீக்கத்தைக் குறைத்தது, 200 மி.கி.யில் அது உறுதியாகவில்லை' என்று ஆனது. ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தாலே அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட வேண்டும். செய்தித் தலைப்புக்கும் இதே விதிதான்.

23 ஸ்லைடு எட்டாகக் குறைந்தது. பெயர், கேள்வி, எலிகளின் குழுக்களைக் காட்டும் ஒரு படம், நேரக் கோடுகள், மூன்றாம் மணிப் புள்ளிகள், இண்டோமெதசினோடு ஒப்பீடு, ஆய்வின் எல்லைகள், முடிவு. விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி எண், குழுக்கள் படத்தின் அடியில் நின்றது. பழைய அட்டவணையைத் தூக்கிப் போடவில்லை. கடைசி ஸ்லைடுக்குப் பின்னால், கேட்டால் மட்டும் காட்டுவதற்கு வைத்தோம். பக்கத்திலேயே இன்னொன்று: 'ஏன் 200, 400?' மருந்தியல் மேடையில் கட்டாயம் வரும் கேள்வி இது. நச்சுத்தன்மைச் சோதனையில் கிலோவுக்கு 2000 மி.கி. கொடுத்தும் எலிகள் இறக்கவில்லை. அதில் பத்தில் ஒரு பங்கும் ஐந்தில் ஒரு பங்கும்தான் இவை.

எல்லைகள் ஸ்லைடில்தான் எனக்கும் அவளுக்கும் கொஞ்சம் வாக்குவாதம். 'நொச்சி மூட்டுவலிக்கு நல்லது' என்று முடிக்கலாமா என்றேன், என் வேலைப் பழக்கத்தில். அக்கா தலையை ஆட்டிவிட்டாள். இது சில மணி நேர வீக்கம், மூட்டுவாதம் வருடக்கணக்கில் வருவது. நம் வீட்டில் நொச்சியை ஆவி பிடிப்போம், ஒத்தடம் கொடுப்போம், இங்கே எலி குடித்தது செறிவான சாறு. எலியின் டோஸை எடைக்கு எடை பெருக்கி மனிதனுக்குக் கொடுக்கவும் கூடாது. இந்த மூன்றையும் மூன்று வரியாக எழுதினாள்.

அரங்கில் முதல் கேள்வியே 200 மி.கி. பற்றித்தான். "ஆமாம் சார், குறையலை. அடுத்து எலிகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்கணும்" என்று புள்ளிகள் இருந்த ஸ்லைடுக்குத் திரும்பிப் போனாளாம். கேட்டவர் எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அட்டவணையை யாரும் கேட்கவில்லை.