8.15-க்கு லாபியில்

கோலாலம்பூரிலிருந்து ஆறு பேர் பின்னலாடை வாங்க வருகிறார்கள். தங்குவது கோவையில், மறுநாள் காலை பத்து மணிக்குத் திருப்பூர் ஆலையில் கூட்டம். அவர்களுக்கு மின்னஞ்சல் எழுத உட்காரும் பிள்ளைகள் எடுத்ததுமே ‘10.00 – கூட்டம்’ என்று போடுகிறார்கள். ஏற்றுமதி அலுவலகத்தில் தலை நரைத்தவன் சொல்கிறேன்: வருகிறவர் தேடுவது, அறையைவிட்டு எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்பதைத்தான்.

அதைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். ஆலை வாசலில் பெயர் எழுதி, பாஸ் வாங்கி உள்ளே போகக் கால் மணி நேரம். அவிநாசி சாலையில் காலை நெரிசலோடு ஒன்றேகால் மணி நேரம். ஆறு பேரும் சேர்ந்து வண்டி ஏறக் கால் மணி நேரம். ஆக, ‘8.15 லாபியில் கூடுதல், 8.30 புறப்பாடு’. இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால், பாதிப் பேர் 8.30-க்குத்தான் லிஃப்டில் இறங்குவார்கள்.

மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. அங்கே ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய வயிறு இங்கே நாலரைக்கே பசிக்கும். ஓட்டலில் காலை உணவு ஏழு மணிக்குத்தான். முந்தின இரவே அறையில் பழமும் பிஸ்கட்டும் வைக்கச் சொல்லி, அதையும் ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள். எல்லா நேரமும் இந்திய நேரமே என்பது மடலின் தலையிலேயே இருக்கட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ‘மதிய உணவு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது’ என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. ஹலால் வேண்டியவர் யார், சைவம் யார், வேர்க்கடலை ஒவ்வாதவர் யார் என்று ஒரு வாரம் முன்பே கேட்டுவிட வேண்டும். இறுதி மடலில் உணவகத்தின் பெயரையும், அங்கே கிடைப்பது ஹலால்தான் என்பதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வேளையும் அவர்கள் கூச்சத்தோடு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். ‘சைவமாகவே போட்டுவிடலாம், வம்பில்லை’ என்று மூன்று நாளும் சாம்பார் ஊற்றுவது உபசரிப்பு ஆகாது. நடுவில் வெள்ளிக்கிழமை வந்தால், ஜும்மா தொழுகை நேரத்தைப் பக்கத்துப் பள்ளிவாசலில் விசாரித்து, போகவர வண்டியையும் குறித்து, அந்த நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள்.

நிரலை இணைப்பாக மட்டும் அனுப்பாமல், நாள்வாரியாக மடலின் உடலிலேயே எழுதுங்கள். விமான நிலைய வாசலில் நின்று, ரோமிங்கில் இணைப்பைத் திறப்பது சிரமம். ஓட்டுநரின் கைபேசி எண்ணும் வண்டி எண்ணும் அந்தந்த நாளுக்கு நேராகவே இருக்கட்டும்.

நிரல் மாறினால் பழையதைத் திருத்திச் சத்தமில்லாமல் அனுப்பக் கூடாது. எந்த வரி, எதிலிருந்து எதுவாக மாறியது என்பதை மேலே சொல்லி, தலைப்பில் தேதியும் ‘திருத்தம் 2’ என்றும் போடுங்கள். அதே திருத்தம் தமிழில் ஓட்டுநருக்கும் போக வேண்டும். அவர் கையில் பழைய நேரம் இருந்தால், விருந்தினர் லாபியில் காத்திருப்பார்கள். வண்டி வீட்டு வாசலில் நிற்கும்.