படத்தின் ஓரத்து எலும்பு

மன்னார்புரத்தில் நான் எக்ஸ்-ரே படித்து ரிப்போர்ட் எழுதும் ஸ்கேன் சென்டருக்கு, இடுப்பு வலி என்று சீட்டு வாங்கிக்கொண்டு வரும் வயதான பெண்கள் அதிகம். அவர்களில் பலருக்கு வலியைக் கிளப்பும் எலும்பு இடுப்பில் இருப்பதில்லை. கை வைத்துக் காட்டும் இடத்திலிருந்து ஒரு சாண் மேலே, கடைசி விலா எலும்பு வந்து சேரும் மட்டத்தில் இருக்கிறது. மார்பு முதுகெலும்புகளில் கடைசியான டி-12, அதற்குக் கீழே இடுப்பு முதுகெலும்புகளில் முதலாவதான எல்-1. இவை நசுங்கினால், அங்கிருந்து கிளம்பும் நரம்புகளின் வழியே வலி இறங்கி விலாவிலும் இடுப்பு எலும்பின் விளிம்பிலும் தெரியும். அதனால் கிட்னியில் கல் என்று சந்தேகப்பட்டு வயிற்று ஸ்கேன் எடுத்துவிட்டு வருபவர்களும் உண்டு.

இடுப்பு வலி என்றால் டாக்டர் ‘எல்.எஸ். ஸ்பைன்’ என்று எழுதுவார். டெக்னீஷியன் இடுப்பு எலும்பின் விளிம்பைத் தடவிப் பார்த்து, எல்-4க்கு நேராகக் குழாயை நிறுத்துவார். படம் சுத்தமாக வரும், ஆனால் டி-12 மேல் ஓரத்தில் பாதி தெரியும், சில படங்களில் தெரியவே தெரியாது. பார்க்கிறவரின் கண் படத்தின் நடுவுக்குத்தான் முதலில் போகிறது. அந்த நடுவில் எழுபது வயதுக்காரருக்கு எப்போதும் ஏதாவது இருக்கும்: எல்-4, எல்-5 இடையே வட்டு குறுகியிருக்கும், எலும்பு முனைகள் கொக்கி போல் வளர்ந்திருக்கும். தேய்மானம் என்று எழுதினால் அது பொய்யல்ல. ஆனால் வந்த வலிக்கு அது பதிலும் அல்ல.

டி-12, எல்-1 மட்டத்துக்கு மேலே விலாக்கூட்டோடு பிணைந்து மார்பு முதுகெலும்புகள் அதிகம் அசையாமல் நிற்கின்றன. கீழே இடுப்பு முதுகெலும்புகள் தாராளமாக வளைகின்றன. பின்புறம் வளைந்த முதுகு முன்புறம் வளையத் தொடங்கும் திருப்பமும் அங்கேதான். குனிந்து பாரம் தூக்கும்போது சுமை அந்தத் திருப்பத்தின் முன்பக்கத்தில் இறங்குகிறது. எலும்பின் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மெல்லிய எலும்பிழைகளில், மாதவிடாய் நின்ற பிறகு குறுக்கு இழைகள் முதலில் போய்விடுகின்றன. சவுக்குக் கம்பில் கட்டிய சாரத்தில் குறுக்குக் கம்புகளை மட்டும் அவிழ்த்துவிட்டால் நிற்கும் கம்புகள் என்ன ஆகுமோ, மிச்சமிருக்கும் நெட்டிழைகள் அப்படி வளைந்து முறிகின்றன. முன்பக்கம் அமிழ்கிறது, பின்பக்கம் நிற்கிறது. பக்கவாட்டுப் படத்தில் அது ஆப்பு வடிவமாகத் தெரிகிறது.

ஸ்ரீரங்கத்திலிருந்து மகள் அழைத்து வந்த எழுபது கடந்த ஒரு அம்மாவின் படத்தைச் சொல்கிறேன். மூன்று வாரமாக வலி. “விழுந்தீங்களாம்மா?” என்று கேட்டேன். “விழவே இல்லைம்மா. தண்ணி வாளியத் தூக்குனேன், முதுகுல சொடக்குன்னுச்சு. அப்படியே திண்ணையில உக்காந்துட்டேன்” என்றார். மகள் இன்னொன்று சொன்னார்: “அம்மாவுக்கு இப்பல்லாம் சேலை தரையில இழுபடுது.” எனக்கு அது முக்கியமான தகவல். இளவயது உயரத்திலிருந்து நாலு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருந்தால் முதுகெலும்பு நசுங்கியிருக்கிறதா என்று தேடியே ஆகவேண்டும். ஆஸ்துமாவுக்குப் பல வருடம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர் என்பதும் கேட்டபோதுதான் வந்தது.

சீட்டில் எல்.எஸ். ஸ்பைன் என்றுதான் இருந்தது. அனுப்பிய டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, எல்-1க்கு நேராக மையம் வைத்து ஒன்றும், மார்பு முதுகெலும்புக்குத் தனியாக ஒன்றும் பக்கவாட்டுப் படம் எடுக்கச் சொன்னேன். இந்தப் படத்தின் தரம் பெரும்பாலும் படுக்க வைப்பதில் இருக்கிறது. ஒருக்களித்துப் படுத்தால் பெண்களுக்கு இடுப்பு அகலமாக இருப்பதால் இடைப்பகுதி மேசையை நோக்கித் தொய்கிறது. முதுகெலும்பு நேராக இல்லாமல் தூளி போல் வளைகிறது. கதிர் எலும்பைச் சாய்வாகக் கடக்கிறது. அப்போது எலும்பின் மேல் தட்டும் கீழ்த் தட்டும் ஒற்றைக் கோடாக விழாமல் முட்டை வடிவமாக விழும், நல்ல எலும்பும் நடுவில் குழிந்ததுபோல் தோன்றும். எங்கள் டெக்னீஷியன் மடித்த போர்வையை இடைக்கு அடியில் செருகி, “பாட்டி, முட்டிய மடக்கிக்கிங்க, மூச்ச விட்டுட்டு நிறுத்துங்க” என்று பொறுமையாகச் சொன்னார். தட்டுகள் ஒற்றைக் கோடாக வந்தன. அப்படி வராத படத்தில் லேசான நசிவு என்று எதையும் சொல்லக்கூடாது என்பது என் கட்சி.

படம் வந்ததும் நான் முதலில் எண்ணுகிறேன். திரிகத்தில் தொடங்கி மேலே எல்-5, எல்-4 என்று பக்கவாட்டில் ஒரு முறை. கடைசி விலாவைப் பிடித்துக்கொண்டு முன்பின் படத்தில் ஒரு முறை. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். சிலருக்கு இடுப்பு முதுகெலும்பு ஆறாகவோ நாலாகவோ தோன்றும். எண்ணாமல் எழுதினால் பிறகு சிமெண்ட் ஊசி போடுகிறவர் தவறான எலும்புக்குப் போகக்கூடும்.

பிறகு ஒவ்வொரு எலும்பையும் அதன் பக்கத்து எலும்போடு ஒப்பிடுகிறேன். முன்பக்க உயரம், நடு உயரம், பின்பக்க உயரம் என்று மூன்றையும் திரையில் அளக்கலாம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பணியாற்றிய ஹாரி ஜெனன்ட் 1993இல் வெளியிட்ட தர வரிசைதான் இன்றும் எங்களுக்குக் கைக்கோல். உயரத்தில் 20 முதல் 25 சதவீதம் குறைந்திருந்தால் லேசானது, 25 முதல் 40 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. இந்த அம்மாவுக்கு டி-12இன் பின்பக்கம் 25 மில்லிமீட்டர், முன்பக்கம் 16. ஒன்பது மில்லிமீட்டர் இழப்பு, அதாவது 36 சதவீதம். கீழே இருந்த எல்-1இல் முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சமம். டி-12 நடுத்தர ஆப்பு முறிவு. எல்-2இல் நடு உயரம் 21, பின்பக்கம் 27. நடுவில் இரு பக்கமும் குழிந்த லேசான முறிவு. மார்புப் படத்தில் வேறு எதுவும் நசுங்கவில்லை.

எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். டி-12, எல்-1 இரண்டும் இயல்பாகவே முன்பக்கம் சற்றுக் குட்டையானவை. இளமையிலேயே ஆப்பாகிப் போன எலும்புகளும் உண்டு. அவற்றில் அடுத்தடுத்து மூன்று நான்கு எலும்புகள் ஒரே மாதிரி சரிந்திருக்கும், தட்டுகள் நெளிநெளியாக இருக்கும். எல்-4, எல்-5 போன்ற கீழ் எலும்புகளின் அடித் தட்டில் பின்பக்கமாக ஒரு மென்மையான குழி பிறவியிலேயே இருக்கும். அதை முறிவென்று எழுதுவது வீண் பயம். உண்மையான முறிவில் தட்டு உடைந்திருக்க வேண்டும். நடுவில் அமிழ்ந்திருக்கும், அல்லது முன் மேல் மூலையில் சிறு படிக்கட்டு போல் விளிம்பு துருத்தியிருக்கும். இந்த அம்மாவின் டி-12இல் அந்தப் படி இருந்தது. தட்டுக்குக் கீழே வெண்மையான பட்டை ஒன்றும் இருந்தது. நொறுங்கிய இழைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்குவதால் வரும் வெண்மை அது. புதிய முறிவு என்று என்னைச் சந்தேகிக்க வைத்தது அதுதான். எல்-2இல் விளிம்புகள் வழுவழுவென்றிருந்தன, பழசாகத் தெரிந்தது.

எலும்பு கறுப்பாகத் தெரிகிறது, ஆகவே கால்சியம் குறைவு என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கால்சியத்தில் மூன்றில் ஒரு பங்கு போன பிறகுதான் எக்ஸ்-ரேயில் அது கண்ணுக்குத் தெரியும். கதிரின் அளவைக் கூட்டிக் குறைத்தாலே படம் கறுக்கவும் வெளுக்கவும் செய்யும். வடிவம் அப்படி ஏமாற்றாது.

நசுங்கிய எலும்பு எல்லாம் வயதால் நசுங்கியது என்று விட்டுவிடவும் முடியாது. முன்பின் படத்தில் ஒவ்வொரு எலும்பிலும் இரண்டு கண்கள் போல் வட்டங்கள் தெரியும். எலும்பின் உடலையும் பின்வளையத்தையும் இணைக்கும் தண்டுகள் அவை. ஒரு கண்ணைக் காணோம் என்றால் புற்றுநோய் அதை அரித்திருக்கலாம். பின்சுவர் முழுதும் பின்னோக்கிப் புடைத்திருந்தாலும், டி-4க்கு மேலே தனியாக ஒரு எலும்பு மட்டும் நசுங்கியிருந்தாலும் அதே சந்தேகம் வரவேண்டும். காசநோய் வேறு வழியில் வருகிறது. அது நடுவிலுள்ள வட்டை விழுங்கி, அதன் இருபுறத் தட்டுகளையும் அரிக்கும், பக்கத்தில் சீழின் நிழல் வீங்கித் தெரியலாம். நம் ஊரில் இதை மறந்து ஒரு ரிப்போர்ட்டும் எழுத முடியாது. இந்த அம்மாவுக்கு இரண்டு கண்களும் இருந்தன, வட்டுகளின் உயரம் குறையவில்லை, பின்சுவர் நேராக இருந்தது.

எக்ஸ்-ரே இதற்கு மேல் சொல்லாது. எப்போது முறிந்தது என்பதைப் பழைய படம் இருந்தால் சொல்லலாம், இல்லையென்றால் எம்.ஆர்.ஐ. வேண்டும். இந்த அம்மாவின் எம்.ஆர்.ஐ.யில் டி-12இன் மஜ்ஜையில் நீர் கோத்துப் பளிச்சென்று தெரிந்தது, எல்-2 அமைதியாக இருந்தது. எங்கள் இருவரின் வாசிப்பும் ஒத்துப்போனது என்று எம்.ஆர்.ஐ. படித்த டாக்டர் போன் செய்தார். மைலோமா இல்லை என்று உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை, வைட்டமின் டி அளவு, எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா எல்லாம் பிறகு நடந்தன. டெக்ஸாவில் எல்-2ஐக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லியிருந்தேன். நசுங்கிய எலும்பில் அதே கால்சியம் சிறிய பரப்பில் அடங்குவதால் அடர்த்தி இருப்பதைவிட அதிகமாகக் காட்டும், நோயாளிக்கு எலும்பு நன்றாக இருப்பதாக எண்ணத் தோன்றும்.

ரிப்போர்ட்டின் கடைசி வரியில் நான் இப்படி எழுதினேன்: டி-12இல் நடுத்தர ஆப்பு முறிவு, புதியதாக இருக்கலாம். எல்-2இல் லேசான பழைய முறிவு. எலும்புப்புரைக்கான பரிசோதனையும் சிகிச்சையும் தேவை. ‘உயரம் சற்றுக் குறைந்துள்ளது’ என்று மட்டும் எழுதினால் படிக்கிற டாக்டர் வலி மாத்திரையும் பெல்ட்டும் தந்து அனுப்பிவிடுவார். முறிவு என்று இருந்தால்தான் அடுத்த முறிவைத் தடுக்கும் மருந்தைப் பற்றி யோசிப்பார். முதுகெலும்பு புதிதாக நசுங்கிய பெண்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்று நசுங்குவதாக 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. காலம் அவ்வளவுதான் இருக்கிறது. இந்த அம்மாவுக்கு வைட்டமின் டி-யைச் சரிசெய்துவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஜோலெட்ரானிக் அமில ஊசியைத் தொடங்கினார்கள்.

வீட்டில் வயதான அம்மாவோ பாட்டியோ முதுகு வலி, இடுப்பு வலி என்றால், படம் எடுக்க வரும்போது பீரோவுக்கு மேலே கிடக்கும் பழைய எக்ஸ்-ரே, சி.டி. கவர்களை எல்லாம் எடுத்து வாருங்கள். வேறு எதற்காகவோ எடுத்த நெஞ்சுப் படம்கூட உதவும். உயரம் குறைந்திருக்கிறதா, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டார்களா என்பதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும், டி-12 படத்தில் முழுதாகத் தெரிந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.