லாரிக்குப் பின்னால் ஒரு சாபம்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில், பெயிண்டர் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். ஊர் வழியே போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கிறது. அதில் ஓடும் வடநாட்டு லாரிகளின் முதுகில் எழுதியிருக்கும் வாசகங்களைத் தமிழாக்குவது என் வேலை. அங்கிருந்த டிரைவர் நாக்பூர் பக்கம் அடிக்கடி போய்வருபவர். அந்த வாசகங்களில் ஒன்று தன் வண்டியிலும் தமிழில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அவர் கேட்டது வடக்கே எல்லோருக்கும் தெரிந்த சாபம்: “புரீ நஸர் வாலே, தேரா முஹ் காலா.” கெட்ட கண்ணுக்காரனே, உன் முகம் கறுத்துப் போக என்று பொருள். இதற்கு அதிகம் சிரமப்படவில்லை. அவமானத்தை முகத்தில் பூசும் கரியாகச் சொல்வது நமக்கும் உண்டு. “கண்ணு போடுறவன் மூஞ்சியில கரி” என்று எழுதிக் காட்டினேன். ‘வாலே, காலா’ என்று இந்தியில் கடைசியில் விழும் ஓசை, தமிழில் ‘கண்ணு, கரி’ என்று மோனையாகி முன்னுக்கு வந்துவிட்டது. தமிழ்க் காது அடியின் தொடக்கத்திலேயே ஓசையை எதிர்பார்க்கும். அதனால் இந்தியின் கடைசி ஓசையை அதே இடத்தில் பிடித்துவைக்கப் பாடுபடுவதைவிட முன்னால் நகர்த்திவிடுவது பல வாசகங்களுக்குச் சரியாக வருகிறது.

டிரைவருக்குத் திருப்தியில்லை. “இது சின்னதுங்க. பெருசு ஒண்ணு இருக்குதே, புள்ளைங்க ரத்தம் குடிக்கிறது?” என்றார்.

அதுதான் கடினமானது. “புரீ நஸர் வாலே, தேரே பச்சே ஜியேன், படே ஹோகர் தேரா கூன் பியேன்.” கண் வைப்பவனே, உன் பிள்ளைகள் வாழட்டும், பெரியவர்களாகி உன் ரத்தத்தைக் குடிக்கட்டும். முதல் பாதியில் வாழ்த்து, இரண்டாம் பாதியில் வெட்டு. ‘ஜியேன், பியேன்’ என்று ஒரே ஓசையில் முடிவதால்தான் வாழ்த்தின் குரலிலேயே சாபம் வந்து இறங்குகிறது. ‘வாழட்டும், குடிக்கட்டும்’ என்று எழுதினால் பொருள் வந்துவிடும், சிரிப்பு வராது. ‘-அட்டும்’ என்ற விகுதி மட்டும் ஒத்துப்போவது தமிழில் ஓசையே இல்லை. எந்த வினைக்கும் அது வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே குடிப்பதை வைத்துக்கொண்டு வாழ்வதை விட்டேன். நம் ஊரில் பிள்ளையை வாழ்த்துகிறவர்கள் வாயில் முதலில் வருவது “நல்லாப் படிக்கட்டும்.” படிக்கட்டும், குடிக்கட்டும்: இரண்டாம் எழுத்து முதல் கடைசி வரை ஒன்றேதான். எதுகையும் இயைபும் சேர்ந்தே கிடைத்தன. மூலத்தில் படிப்பு இல்லைதான். ஆனால் பிள்ளையைப் பற்றி மனம் குளிரச் சொல்லிவிட்டுக் காலை வாருவதுதான் அங்கே நகைச்சுவை. அதைக் காப்பாற்ற ஒரு வினைச்சொல்லை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் தீர்மானம்.

பெயிண்டர் அண்ணன் சாக்பீஸ் பொடி தடவிய நூலைப் பின்பலகையில் இழுத்துத் தெறித்துக் கோடு போட்டார். வரியைப் படித்ததும், “இடம் பத்தாதுங்க” என்றார். இந்தியில் ‘பியேன்’ இரண்டே எழுத்து, ‘குடிக்கட்டும்’ ஏழு. அங்கே எழுத்துகள் தலைக்கோட்டில் ஒட்டிக்கொண்டு நெருங்கி நிற்கும். இங்கே ஒவ்வொன்றும் தனியாக அகலம் கேட்கும். புள்ளிக்கு மேலேயும் இடம் விட வேண்டும். எழுத்தைச் சிறிதாக்கினால் பின்னால் வருபவன் அளவுக்கு மீறி நெருங்கினால்தான் படிக்க முடியும். ‘பெருசானதும்’ என்று நான் போட்டிருந்த சொல்லை அவர் விரலால் மறைத்தார். “இதுக்குப் பதிலா ‘படிச்சு’ன்னு போட்டா?”

மேல் பலகையில் “கண்ணு வைக்கிறவனே, உன் புள்ளை நல்லாப் படிக்கட்டும்.” கீழ்ப் பலகையில் “படிச்சு, உன் ரத்தம் குடிக்கட்டும்.” என் வரியைவிட இது மேல். இடமும் மிச்சம், ‘படிச்சு’ என்று சொல்லைத் திரும்பப் பிடிக்கும்போது ஒரு கணம் காத்திருக்கவும் வைக்கிறது.

டிரைவர் சத்தமாகப் படித்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு இன்னொன்று கேட்டார்: “மாலிக் கீ காடீ, டிரைவர் கா பஸீனா, சல்தீ ஹை ரோட் பர் பன்கர் ஹஸீனா.” முதலாளியின் வண்டி, டிரைவரின் வியர்வை, ரோட்டில் போகிறது அழகியாகி. இதற்கு நான் ‘வேர்வை, பார்வை’ என்று எதுகை பிடித்து வைத்திருந்தேன். அவர் தலையாட்டவில்லை. கொஞ்சம் யோசித்து அவரே சொன்னார்: “வண்டி முதலாளிக்கு, வேர்வை எனக்கு, ஊர்க்கண்ணு உனக்கு, கண்ணு!” அழகி போய்விட்டாள். ஆனால் கடைசிக் ‘கண்ணு’ கொங்குப் பக்கம் செல்லமாகக் கூப்பிடும் கண்ணு. வண்டியைப் பெண்ணாக்கிக் கொஞ்சும் வேலையை அந்த ஒரு சொல் செய்துவிடுகிறது. என் வரியை அடித்துவிட்டு அவருடையதை எழுதிக்கொண்டேன்.

நோட்டில் இன்னும் தமிழாகாமல் கிடப்பது “13 மேரா 7”. ‘தேரா’ என்றால் உன்னுடைய, பதின்மூன்று ‘தேரஹ்’. ‘சாத்’ என்று ஒலிக்கும் ஏழில் ‘துணை’யும் கேட்கிறது. உனக்கும் எனக்கும் துணை என்ற காதலை இரண்டு எண்ணும் ஒரு சொல்லும் சுமக்கின்றன. தமிழில் ஒன்று முதல் நூறு வரை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெயிண்டர் அண்ணனும் தேடுகிறார்.