கோபமில்லாத ஒரு கடிதம்

வணிகச் சட்டப் பாடத்தில் ஒப்பந்தம் எப்படி உருவாகிறது என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். முன்மொழிவு, ஏற்பு, மறுபயன் எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவோம். நடப்பில் இருக்கும் ஒப்பந்தத்தைச் சண்டையில்லாமல் முடிப்பது எப்படி என்பது பற்றி அவ்வளவு பேசுவதில்லை. அதை நான் கற்றுக்கொண்டது சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடையில்தான்.

பாளையங்கோட்டையில் கல்லூரிகள் இருக்கும் பக்கம் சின்னக் கடை. அங்கே ஓடும் பெரிய மிஷின் சித்தப்பாவுடையது அல்ல. 2023 ஏப்ரலில் மதுரையில் ஒரு டீலரிடம் மூன்று வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்தது. மிஷின், டோனர், சர்வீஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மாதம் 10,000 பிரதிக்குக் குறையாமல், பிரதிக்கு 45 பைசா, அதாவது எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் 4,500 ரூபாய். ஜிஎஸ்டி தனி. முன்பணம் 20,000. முதல் இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. 2025 ஆடி மாதத்துக்குப் பிறகு போன் செய்தால் ஆள் வர நாலு நாள், ஐந்து நாள் ஆனது. பரீட்சை நேரத்தில் ஜெராக்ஸ் கடையில் மிஷின் நிற்பது என்றால் என்னவென்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை நின்ற வாடிக்கை எதிர்க்கடைக்குப் போனால் திரும்பி வராது.

சித்தப்பா ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். சுருக்கம் இதுதான்: உங்கள் சர்வீஸ் படுமோசம், இன்றோடு ஒப்பந்தம் ரத்து, இந்த மாதப் பில் தரமாட்டேன், முன்பணத்தை உடனே அனுப்பவும். நியாயமான கோபம்தான். ஆனால் அனுப்பியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார்.

ஏன் என்று பார்ப்போம். அந்த ஒப்பந்தத்தில் வெளியே வர இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று, எதிர்த்தரப்பு தவறு செய்தால் முடிப்பது. அதற்குத் தவறை எழுத்தில் தெரிவித்து, சரிசெய்ய 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்படியும் சரியாகாவிட்டால்தான் ரத்து செய்யலாம். சித்தப்பா எல்லாப் புகாரையும் போனில்தான் சொல்லியிருந்தார். இன்னொரு வாசல், காரணமே சொல்லாமல் 60 நாளுக்குக் குறையாத எழுத்துமூல அறிவிப்பு கொடுத்து முடிப்பது. முதல் வருடம் முடிந்த பிறகு இரு தரப்புக்கும் இந்த உரிமை உண்டு.

சித்தப்பாவின் கடிதம் இரண்டு வாசலிலும் நுழையவில்லை. குற்றம் சாட்டுகிறது, ஆனால் 15 நாள் கொடுக்கவில்லை. ரத்து செய்கிறது, ஆனால் 60 நாளும் கொடுக்கவில்லை. பில்லையும் நிறுத்துகிறது. அப்போது ஒப்பந்தத்தை மீறியவர் டீலர் அல்ல, சித்தப்பா என்றாகிவிடும். முன்பணத்தில் கைவைக்க டீலருக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் இழப்பீடாக ஒரு தொகை குறித்திருந்தால் அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஆனால் அந்தப் பேச்சே மீறல் நடந்தால்தான் எழும். 60 நாள் அறிவிப்பு கொடுத்து வெளியேறுவது மீறலே அல்ல, ஒப்பந்தம் கொடுத்த உரிமை. அதனால் கடிதத்தில் நடுநிலைத் தொனி என்பது வெறும் மரியாதைக்காக அல்ல. புகார் ஒரு வரி இருந்தாலும் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு பதில் எழுதும். காரணம் சொல்லாத கடிதத்துக்கு மறுத்துச் சொல்ல எதுவும் இருக்காது.

அடுத்தது நாள் கணக்கு. 60 நாள் என்பதை எல்லாரும் 'ரெண்டு மாசம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் கடிதத்தில் போட்ட தேதியிலிருந்து. ஒப்பந்தத்தில் இருந்ததோ 'அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து'. அக்டோபர் 6 அனுப்பினோம், 9ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. கிடைத்த நாளை விட்டுவிட்டு எண்ணுவது வழக்கம். அக்டோபரில் 22 நாள், நவம்பரில் 30, டிசம்பரில் 8. ஆக டிசம்பர் 8ஆம் தேதிக்கு முன் முடியாது.

ஆனால் நாங்கள் கடிதத்தில் போட்டது டிசம்பர் 31. குறைந்தபட்சக் கட்டணம் மாதக் கணக்கில் வருகிறது, பாதி மாதத்துக்குப் பாதிக் கட்டணம் என்று எங்கும் சொல்லவில்லை. 8ஆம் தேதி முடித்தாலும் முழு 4,500 கேட்க இடமுண்டு. கொடுக்கிற காசுக்கு மாதம் முழுக்க மிஷினை ஓட்டலாமே! தபால் இரண்டு நாள் தாமதமானாலும் தேதி பிசகாது.

தபாலில் ஒரு வேடிக்கை. ஒப்பந்தத்தில் 'பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்' என்று இருந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் இந்தியத் தபால் துறை பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டது. கவுண்டரில் கேட்டு, ஸ்பீடு போஸ்ட்டிலேயே பதிவு வசதியும் சேர்த்து, பட்டுவாடா ஆனதற்குச் சான்றும் வாங்கினோம். ஒப்பந்தத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கும் அன்றே அனுப்பினோம். ரசீதை வழக்கம்போல் சட்டைப் பையில் திணிக்கப் போனவரிடமிருந்து வாங்கி நான்தான் ஃபைலில் வைத்தேன்.

கடிதம் ஆங்கிலத்தில் போனது. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி:

"நம்மிடையே உள்ள வாடகை மற்றும் சேவை ஒப்பந்தத்தின் முடிவுப் பிரிவின்படி, 60 நாளுக்குக் குறையாத இந்த அறிவிப்பைத் தருகிறோம். 2025 டிசம்பர் 31 ஒப்பந்தத்தின் கடைசி நாள். அதுவரை பில்களை உரிய தேதியில் செலுத்துவோம். சேவையும் டோனரும் ஒப்பந்தப்படி தொடர வேண்டுகிறோம். கடைசி நாளில் இரு தரப்பும் சேர்ந்து மீட்டர் அளவைக் குறித்து, மிஷினின் நிலையைப் பதிவுசெய்து, ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவற்றை அழித்தபின் மிஷினை எடுத்துச்செல்லலாம். நிலுவை போக முன்பணத்தை ஒப்பந்தப்படி 30 நாளில் திருப்பித்தரக் கேட்டுக்கொள்கிறோம். இதனால் இரு தரப்பின் ஏனைய உரிமைகள் பாதிக்கப்படா."

படித்துவிட்டு சித்தப்பா, "ஏல, இதுல நம்ம கோவம் ஒண்ணுமே இல்லையே" என்றார். "அது கடைசி வரியில இருக்கு சித்தப்பா" என்றேன். உரிமைகள் பாதிக்கப்படா என்று எழுதியதால், சர்வீஸ் குறைபாட்டுக்காகப் பின்னால் எதாவது கேட்க வேண்டுமென்றால் வழி அடைபடாது. அதற்காக மிஷின் நின்ற தேதிகளைத் தனி நோட்டில் எழுதி வைத்தோம். அந்த நோட்டு கடிதத்தோடு போகவில்லை.

ஹார்ட் டிஸ்க் சமாச்சாரம் பலருக்குத் தெரியாது. இப்போதைய பெரிய ஜெராக்ஸ் மிஷின்கள் பலவற்றில் கம்ப்யூட்டர் போலவே டிஸ்க் உண்டு, எடுத்த பிரதிகளின் படம் அதில் தங்கியிருக்கலாம். ஊரார் ஆதார் அட்டையும் மதிப்பெண் பட்டியலும் அடுத்த வாடகைக்காரர் கைக்குப் போவது நல்லதல்ல. மெனுவில் அழிக்கும் வசதி இருக்கும், டெக்னீசியனை அழைத்து நம் கண்முன்னே செய்யச் சொல்ல வேண்டும்.

அறிவிப்புக் காலத்தில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். போகப்போகிற ஆள்தானே என்று பில்லை இழுத்தடிப்பார்கள், அவர்களும் போகிற கஸ்டமர்தானே என்று வரமாட்டார்கள். சித்தப்பா மூன்று பில்லையும் தேதி தவறாமல் கட்டினார். முணுமுணுத்துக்கொண்டுதான். நவம்பரில் ஒருமுறை பேப்பர் சிக்கி நின்றபோது போனோடு நிற்காமல் மின்னஞ்சலும் அனுப்பினோம், மறுநாளே ஆள் வந்தார்.

31ஆம் தேதி வந்தவரும் இத்தனை நாள் வந்துபோன அதே டெக்னீசியன்தான். அவர்மேல் யாருக்கும் வருத்தமில்லை, ஒரே ஆளுக்கு நாலு ஊர் கொடுத்தால் அவர்தான் என்ன செய்வார்? டீ குடித்துவிட்டு மீட்டரைப் படித்தார். பிரிக்காத இரண்டு டோனர், மிஷினில் உடைசல் இல்லை, டிரம் வேலை செய்யும் நிலையில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி மூன்றாம் வாரம் டீலரின் கணக்குப் பிரிவிலிருந்து டிரம் சேதத்துக்கு 3,200 ரூபாய் பிடிப்பதாக மின்னஞ்சல் வந்தது. வாதம் எதுவும் எழுதாமல் அந்தத் தாளை மட்டும் இணைத்து, 'டிசம்பர் 31 கூட்டுப் பதிவு இணைப்பில் உள்ளது' என்று ஒரே வரி அனுப்பினோம். ஆறு நாள் கழித்து 20,000 ரூபாயும் சித்தப்பா கணக்குக்கு வந்துவிட்டது.