அடியில் பொறித்த எண்

கண்டிச் சந்தைப் பக்கம் பிரஷர் குக்கருக்கும் பிளாஸ்குக்கும் வாஷர் மாற்றிக் கொடுக்கும் பாஸ் ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூடம் தொடங்கும் மாதத்தில் தண்ணிப் போத்தல்கள் அவரிடம் மூட்டையாகச் சேரும். "அடியைப் பாருங்க தம்பி, பிறகு மூடியைப் பாருங்க. நடுவுல இருக்கிற படம் விலையை ஏத்தத்தான்" என்றார்.

அன்று அவர் கையில் இருந்தது பேராதனையிலிருந்து வந்த இரட்டைச் சுவர்ப் போத்தல். அடியில் 'எஸ்யூஎஸ் 304' என்று பொறித்திருந்தது. 304 என்றால் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். சில போத்தல்களில் இதையே 18/8 என்று போடுகிறார்கள். 201 என்ற மலிவு ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். உள்சுவர் 304, வெளிச்சுவர் 201 என்று செய்வது இந்தத் தொழிலில் சாதாரணம். அதனால் வெளியே பொறித்த எண் எந்தச் சுவரைச் சொல்கிறது என்பதுதான் கேள்வி. உள்ளடியிலும் எண் இருந்தால் கொஞ்சம் நம்பலாம். ஆனால் அச்சு வைத்திருப்பவன் எந்த எண்ணையும் அடிக்கலாம்.

நான் காந்தத்தை நீட்டினேன். பாஸ் சிரித்தார். இரண்டு ரகத்திலும் காந்தம் சரியாக ஒட்டாது. இழுத்து வளைத்த கழுத்திலும் அடி விளிம்பிலும் நல்ல 304கூட லேசாக ஒட்டும். அவர் நம்புவது ஒரு சொட்டு மருந்தையும் 9 வோல்ட் பேட்டரியையும். வெளிச்சுவரில் சொட்டுவிட்டுக் கம்பிகளைத் தொட்டார். சில நொடிகளில் சிவந்தது, மாங்கனீசு. வாயின் உள்விளிம்பில் வைத்த சொட்டு அப்படிச் சிவக்கவில்லை. உள்ளே நல்ல தகடுதான். சொட்டு வைத்த இடத்தை உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவினார். உள்ளேயும் 201 என்றாலும் வெறும் தண்ணீருக்குப் பெரிய பயமில்லை. தேசிக்காய்ச் சாறோ புளித்தண்ணியோ நாள் முழுக்கக் கிடந்தால்தான் தகடு அரிக்கும்.

பிறகு அடியைக் கவிழ்த்தார். நடுவில் காசளவு வட்டத்தகடு ஒரு பக்கம் எழும்பியிருந்தது. சுவர்களுக்கிடையே காற்றை உறிஞ்சி எடுத்தபின் துளையை அடைக்கும் குமிழ் அதற்குள் இருக்கும். சில தயாரிப்பாளர்கள் அந்தக் குமிழில் ஈயம் சேர்க்கிறார்கள். 2024இல் ஸ்டான்லி குவளைகளைப் பற்றி எழுந்த பேச்சும் இதுதான். தகடு மூடியிருக்கும்வரை ஈயம் தண்ணியைத் தொடாது, கையையும் தொடாது. கழன்றுவிட்டால் பிள்ளை விரலால் நோண்டும். "இதை நான் ஒட்டித் தரமாட்டேன், பிள்ளைக்குக் குடுக்காதீங்கன்னு சொல்லுவேன்" என்றார்.

மூடியில் வேறு கோளாறு. வெளியே ஸ்டீல், உள்ளே பிளாஸ்டிக். இரண்டுக்கும் நடுவில் வெறும் இடைவெளி. குலுக்கினால் 'களக் களக்' என்றது. விரிசல் வழியாக நுழைந்த பழைய தண்ணி உள்ளேயே நின்று வீச்சமடிக்கிறது. வாஷரைக் கழற்றி வளைத்துக் காட்டினார், மடிப்பு வெளுத்தது. கலப்படமில்லாத சிலிக்கோன் அப்படி வெளுக்காது என்பது அவர் கணக்கு. வாஷர் கழற்ற வராத மூடிகளை அவர் பழுதுக்கே எடுப்பதில்லை, பள்ளத்துக்குள் படியும் அழுக்கைத் தேய்க்க வழியில்லாததால்.