தண்ணீர் தெளிக்காத முன்கண்ணாடி

திருப்பூரிலிருந்து காங்கயம் போகும் சாலை தென்கிழக்காக நீள்கிறது. மார்கழியில் காலை ஏழரை மணிக்கு அதில் செல்பவர்களுக்குச் சூரியன் ஏறத்தாழ நேர் எதிரே, தாழ்வாக நிற்கும். கல்லூரிக்கு ஒரே காரில் போய்வரும் நாங்கள் நால்வரும் அந்த வெளிச்சத்திற்குப் பழகியிருந்தோம். பழகாத ஒன்று சென்ற மார்கழியில் நடந்தது.

முன்னிரவில் சிறு தூறல். சாலையோரப் பள்ளத்தில் தேங்கியிருந்த செம்மண் நீரை முன்னால் போன லாரி வாரி இறைத்தது. ஓட்டிக்கொண்டிருந்த வணிகவியல் நண்பர் வழக்கம்போலத் தண்ணீர் தெளிக்கும் கைப்பிடியை இழுத்தார். உய்ங் என்று ஒரு சத்தம் கேட்டது, தண்ணீர் வரவில்லை. ஆனால் வைப்பர் மட்டும் தன் கடமையைச் செய்தது. இரண்டே வீச்சில் சேற்றைக் கண்ணாடி முழுவதும் மெல்லிய பூச்சாகப் பூசிவிட்டது. அந்தப் பூச்சின்மீது எதிர்வெயில் பட்டதும் கண்ணாடி ஒரு வெள்ளைச் சுவராக மாறியது. பிரேக்கை அழுத்தி வண்டி நின்றபோது, பனியன் வேஸ்ட் மூட்டைகளை இருபுறமும் கட்டிய ஒரு மொபெட் எங்களுக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. அதை ஓட்டி வந்தவர் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்து, "ஏனுங், கண்ணுத் தெரியாமத்தான் வண்டி ஓட்டறீங்களா?" என்று கேட்டார். அது ஏச்சு அல்ல. நடந்ததை அதைவிடச் சரியாக எங்களால் சொல்லியிருக்க முடியாது.

இதில் எங்களை உறுத்திய செய்தி இன்னொன்று உண்டு. கார்த்திகையிலேயே தண்ணீர் வருவது நின்றிருந்தது. ஒரு பணிமனையில் காட்டினோம். பம்பு போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக மாற்றி 800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அங்கேயே கைப்பிடியை இழுத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நால்வரும் மாணவர்களின் விடைத்தாளைத் திருத்துகிறவர்கள்!

அன்று மாலை பல்லடம் சாலையில் ஒரு வேப்பமரத்தடியில் கடை வைத்திருக்கும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனோம். "வாஷர் வேலை செய்யவில்லை" என்றோம். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, "எந்த போல்ட்டு வாஷருங்க?" என்றார். குழாயிலும் போல்ட்டிலும் போடும் தட்டை வளையம்தான் இங்கே வாஷர். இந்தக் கருவிக்கு நம் பேச்சில் பெயரே இல்லை. கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கறது என்ற வினைதான் இருக்கிறது. அதைச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. சாவியைத் திருப்பச் சொன்னார்; எஞ்சினை ஓடவிட வேண்டாம் என்றார். எஞ்சின் ஓடினால் அந்தச் சிறிய சத்தம் அதில் அமுங்கிவிடும். ஒருவர் கைப்பிடியை இழுக்க, அவர் பானெட்டுக்குள் தலையைக் குனிந்து காது கொடுத்தார். "சத்தம் வருதுங்க. அப்ப மோட்டார் சுத்துது. மின்சாரம் வருது, ஃப்யூஸ் இருக்குது, சுவிட்ச்சும் நல்லா இருக்குது. இனித் தண்ணி போற பாதையத்தான் பாக்கோணும்." ஒரே சத்தத்தைக் கேட்டு அவர் கோளாறின் பாதிப் பரப்பை ஒதுக்கிவிட்டார். எங்கள் இயற்பியல் நண்பர் தலையசைத்தார்.

சத்தமே வராதிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். முதலில் ஃப்யூஸ். அது சரியாக இருந்தால், பம்பின் தலையில் உள்ள இணைப்பியைக் கழற்றி அதன் இரு முனைகளிலும் சோதனை விளக்கை வைத்து ஒருவர் கைப்பிடியை இழுக்க வேண்டும். விளக்கு எரிந்தால் மின்சாரம் பம்பின் வாசல்வரை வந்துவிட்டது, செத்தது பம்புதான். எரியாவிட்டால் பம்பின்மேல் பழி போடக் கூடாது. கம்பியையோ சுவிட்சையோ தேட வேண்டும். இணைப்பி முனையில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தால் அதைச் சுரண்டிவிட்டாலே சில வேளை உயிர் வந்துவிடுமாம். அவர் எங்கள் டிக்கியில் கிடந்த பழைய பம்பைக் கேட்டு வாங்கினார். இரண்டு கம்பித் துண்டுகளால் பேட்டரியைத் தொட்டு ஒரு நொடி ஓட்டிக் காட்டினார். அது நன்றாகவே சுழன்றது. 800 ரூபாயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அடுத்தது பாட்டில். இதைப் பார்ப்பது எளிது என்று நினைத்திருந்தோம். பானெட்டைத் திறந்தால் தெரிவது பாட்டிலின் கழுத்து மட்டுமே. வயிறு முகப்பு விளக்கின் பின்னே ஆழத்தில் மறைந்திருக்கிறது. கழுத்து ஈரமாக இருப்பதைக் கண்டு தண்ணீர் இருக்கிறது என்று ஏமாறுவது உண்டு. அவர் ஒரு லிட்டரை அளந்து ஊற்றி, வண்டிக்குக் கீழே ஒரு நாளிதழ்த் தாளை விரித்து, பத்து நிமிடம் பீடி குடித்தார். தாள் நனையவில்லை. நனைந்திருந்தால் பாட்டில் விரிந்திருக்கும், அல்லது பம்பு பொருந்தும் ரப்பர் வளையம் சரியாக உட்காராதிருக்கும். பம்பு மாற்றிய வண்டியில் இரண்டாவது அடிக்கடி நடப்பது; இரவில் நிரப்பிய தண்ணீர் காலையில் தரையில் கிடக்கும்.

பிறகு பம்பிலிருந்து கிளம்பும் டியூபை அதன் வாயிலிருந்து உருவி, அங்கே ஒரு டம்ளரை ஏந்தினார். கைப்பிடியை இழுத்ததும் ஐந்தாறு நொடியில் டம்ளர் பாதி நிறைந்தது. பம்பும் பாட்டிலும் இத்துடன் விடுதலை. டியூபை மீண்டும் மாட்டிவிட்டு, பானெட்டின் அடியில் நாசிலுக்குச் சற்று முன்னால் அதே டியூபைக் கழற்றி ஏந்தினார். சொட்டுச் சொட்டாக வந்தது. ஒரு முனையில் பாய்ச்சல், மறு முனையில் சொட்டு என்றால் நடுவில் எங்கோ தண்ணீர் வழிதவறுகிறது.

பானெட் திறந்து மூடும் கீல் அருகே டியூப் ஒவ்வொரு முறையும் மடிந்து நிமிர்கிறது. எஞ்சின் சூட்டில் இறுகிய ரப்பர் அந்த மடிப்பில்தான் முதலில் வெடிக்கும். எங்கள் டியூபிலும் அங்கே அரை அங்குல நீளத்திற்கு ஒரு கீறல். கையால் மடித்துப் பார்த்தால்தான் வாய் திறந்தது. நேராக இருக்கும்போது கண்ணுக்கே தெரியவில்லை. எலி கடித்தால் பல் தடம் இருக்கும், கீறல் இப்படி நீளவாக்கில் இராது என்றார். வெடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மருத்துவமனையில் சலைன் ஏற்றும் மெல்லிய குழாயில் ஒரு துண்டை உள்ளே செருகி இரு முனைகளையும் இணைத்தார். இது தற்காலிகம், கோடையில் முழு டியூபையும் மாற்றிவிடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

இப்போது இழுத்தால் இடப்பக்கம் தண்ணீர் எழுந்தது. வலப்பக்கம், அதாவது ஓட்டுகிறவரின் பக்கம், ஒரு குமிழி மட்டும் வந்து நின்றது.

இனிச் சொல்லப்போவதுதான் எங்கள் ஊருக்கே உரியது. நாசிலைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஊசித் துளையின் வாயில் வெள்ளையாக ஒரு மேலோடு படிந்திருந்தது. நாங்கள் பாட்டிலில் ஊற்றி வந்தது வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். நொய்யல் ஓரத்து நிலத்தடி நீரைப் பற்றி இங்கு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாயக் கழிவால் அது எவ்வளவு உப்பேறிப் போனது என்பதற்கு, 1992இல் பாசனத்திற்காகக் கட்டி முடிக்கப்பட்டுக் கழிவுநீர்த் தேக்கமாகிப் போன ஒரத்துப்பாளையம் அணையே சாட்சி. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்ன நாளில் தெருக்கள் வெறிச்சோடியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதே வரலாற்றின் ஒரு துளி எங்கள் நாசிலில் உறைந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. தெளித்து முடிந்ததும் துளையின் வாயில் கடைசித் துளி தங்கிவிடுகிறது. வெயிலில் கொதிக்கும் பானெட்டின்மேல் அது உலர்கிறது. நீர் போகிறது, உப்பு இருக்கிறது. நாள்தோறும் ஒரு துளி என்று சேர்ந்தால் ஊசித் துளை எத்தனை மாதம் தாங்கும்?

பின்னூசியால் குத்தலாம் என்று எங்களில் ஒருவர் முன்வந்தார். அவர் தடுத்தார். வெளியிலிருந்து குத்தினால் அடைப்பு உள்ளே போகும். அடுத்த முறை இழுக்கும்போது அதே வாய்க்குத் திரும்பி வரும். தடித்த ஊசி என்றால் துளையே அகன்று, நீர் பீறிடாமல் வழிய ஆரம்பித்துவிடும். டீக்கடையில் வெந்நீர் வாங்கி வந்து அதில் நாசிலைப் போட்டார். வெந்நீரில் கரையாத சுண்ணாம்புப் படிவுக்காக அரை மணி நேரம் வினிகரிலும் ஊறவைத்தார். பின்னர் டியூப் பொருந்தும் பக்கத்திலிருந்து, அதாவது உள்ளிருந்து வெளியே, சைக்கிள் பம்பால் காற்று அடித்தார். வெள்ளைத் துகள்கள் தெறித்தன. அவற்றோடு சாம்பல் நிறத்தில் நூல்போல ஒன்று வந்தது.

அதை விரலில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பாட்டில் மூடி எங்கீங்க?" என்றார். மூடி தொலைந்து ஓராண்டு இருக்கும். மாலையில் வண்டியை நாங்கள் நிறுத்துவது நிட்டிங் கம்பெனிகள் வரிசையாக உள்ள ஒரு சந்தில். அங்கே பின்னல் எந்திரங்களிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசி வெளியேற்றும் விசிறி வழியாகத் தெருவில் பனிபோல இறங்கும். பாட்டிலைக் கழற்றிக் கவிழ்த்தபோது அடியில் உறிஞ்சு வாயின் சல்லடை மேல் பஞ்சு ஒரு சிறு மெத்தையாகவே படிந்திருந்தது. அதைச் சுற்றி வழவழப்பான வெள்ளைத் திரிதல். அது எங்கள் கைங்கரியம்: கண்ணாடி பளிச்சென்று இருக்கட்டும் என்று குளியல் சோப்பைக் கரைத்து ஊற்றியிருந்தோம். கடின நீரில் சோப்பு நுரைக்காது, திரியும் என்பதைப் பள்ளியிலேயே படித்தவர்கள்தான் நாங்கள்.

பாட்டிலை மூன்று முறை அலசினார். பழைய சாமான் பெட்டியில் தேடி, கொஞ்சம் தளர்வாகப் பொருந்தும் ஒரு மூடியையும் கண்டுபிடித்தார். காவிரிக் குழாய்த் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ ஊற்றச் சொன்னார். நுரை வேண்டுமென்றால் இரண்டு சொட்டு ஷாம்பு போதும். தண்ணீர் இல்லாமல் வறண்ட மண்ணின்மேல் வைப்பரை ஓட்ட வேண்டாம், கண்ணாடியில் வில்வில்லாகக் கீறல் விழும் என்று தனியாக எச்சரித்தார். 1903இல் அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் வைப்பருக்குக் காப்புரிமை பெற்றபோது அவர் மனத்தில் இருந்தது பனியும் மழையும். துடைக்கும் நீரும் துடைக்கப்பட வேண்டியதும் அங்கே ஒன்றே. செம்மண்ணுக்கு நீரை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக இழுத்துப் பார்த்தோம். வலப்பக்கத் தாரை கண்ணாடியைத் தாண்டி, கூரையையும் தாண்டி, பின்னால் நின்ற வணிகவியல் நண்பரின் சட்டையை நனைத்தது. நாசிலின் சிறு உருண்டையில் மெல்லிய ஊசியை நுழைத்து மயிரிழை கீழே திருப்பினார் பெரியவர். ஓட்டத்தில் காற்று தாரையைக் கீழே அழுத்தும், ஆகவே நிற்கும்போது கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே விழும்படி வைக்க வேண்டும் என்றார். கூலியாக 150 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அதே பள்ளத்தில் இன்னும் தண்ணீர் இருந்தது. லாரி எதுவும் முன்னால் இல்லை. ஆனாலும் நண்பர் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.